பூனையின் இடியோபதிக் சிஸ்டைட்டிஸ்: கல்லா, மன அழுத்தமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூனைக்கு மூத்திரம் சரியாகப் போகவில்லை என்று வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. அவர்கள் கேட்ட விதத்திலேயே போட்டிருக்கிறேன். இடியோபதிக் சிஸ்டைட்டிஸ் என்பது கல்லோ கிருமியோ இல்லாமல் மூத்திரப்பையில் வரும் அழற்சி, மன அழுத்தம் அதைத் தூண்டிவிடும். அவசரத்தில் இருப்பவர்கள் முதல் கேள்வியை மட்டும் படித்துவிட்டுக் கிளம்பலாம், மற்றதை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

என் பூனை லிட்டர் பாக்ஸ்ல போய்ப் போய் உட்காருது, ரெண்டு சொட்டுதான் வருது. காலைல வரைக்கும் பொறுத்துப் பார்க்கலாமா?

ஆண் பூனையா? மூத்திரம் உண்மையிலேயே வெளியே வருகிறது என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லையா? அப்படியென்றால் இப்போதே கிளம்புங்கள். ஆண் பூனையின் மூத்திரக் குழாய் நீளமானது, நுனியில் மிகவும் குறுகலானது. சளி மாதிரியான கசடும் படிகங்களும் சேர்ந்த ஒரு சின்ன உருண்டை அதை அடைக்கப் போதும். சில சமயம் அடைக்க எதுவுமே இருக்காது. வீக்கத்திலும் தசை இறுகிப்போவதிலும் வழி மூடிக்கொள்ளும். மூத்திரம் வெளியேறாவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயத் துடிப்பு தளரும். முழுதாக அடைபட்ட பூனை ஓரிரு நாளில் இறந்துவிடலாம்.

வீட்டிலேயே இரண்டு விஷயங்களைக் கவனிக்கலாம். லிட்டர் கட்டியாகும் வகை என்றால் கிளறிப் பாருங்கள். சிறிய ஈரக் கட்டிகள் நிறைய இருந்தால் ஏதோ வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒன்றுகூட இல்லையென்றால் ஆபத்து. இரண்டாவது, பின்னங்கால்களுக்கு முன்னால் அடிவயிற்றை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். அடைபட்ட பூனைக்கு அங்கே எலுமிச்சம்பழம் மாதிரி ஏதோ கெட்டியாகத் தட்டுப்படும், தொட்டாலே கத்தும். அழற்சி மட்டும் இருக்கிற பூனைக்கு மூத்திரப்பை பெரும்பாலும் காலியாக, சின்னதாக இருக்கும். சேரச் சேர அது வெளியேற்றிவிடுகிறதே. அழுத்திப் பிழிந்து பார்க்க வேண்டாம், பை கிழிந்துவிடும். தொட்டுப் பார்த்தும் ஒன்றும் புரியவில்லை என்றால் அடைப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: மலச்சிக்கல் என்று நினைத்து ஒரு நாள் முழுக்க எண்ணெயும் மருந்தும் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. முக்குகிற கோலம் இரண்டிலும் ஒன்றாகத்தான் இருக்கும். ஆண் பூனை முக்கினால் முதலில் மூத்திரத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

பெண் பூனைக்கு அடைப்பு அபூர்வம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாவது ஈரம் வருகிறது, சாப்பிடுகிறது, வாந்தி இல்லை என்றால் மறுநாள் காட்டலாம். அதற்கு மேல் தள்ளிப்போட வேண்டாம், அதற்கு வலிக்கிறது.

மூத்திர டெஸ்ட்ல கிரிஸ்டல் இருக்குன்னு எழுதியிருக்காங்க. அப்போ கல்லுதானே?

இல்லை. இந்த நோயில் அதிகம் பேர் வழி தவறுகிற இடம் இதுதான்.

எந்தத் தொல்லையும் இல்லாத பூனையின் மூத்திரத்திலும் ஸ்ட்ரூவைட் என்ற உப்பின் படிகங்கள் தென்படும். பூனை இயல்பாகவே மூத்திரத்தைக் கெட்டியாக்கி வெளியேற்றும் பிராணி. கெட்டியான திரவத்தில் உப்புகள் படிவது சாதாரணம். போதாததற்கு, மாதிரியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலோ சில மணி நேரம் கழித்துப் பார்த்தாலோ, உடம்புக்குள் இல்லாத படிகங்கள் குப்பிக்குள்ளேயே உருவாகிவிடும். அதனால் படிகம் என்று எழுதியிருந்தால் நான் முதலில் கேட்பது, மாதிரி எடுத்து எவ்வளவு நேரத்தில் பார்த்தார்கள் என்பதைத்தான். ஒரு மணி நேரத்துக்குள், குளிரவைக்காமல் பார்த்த மாதிரிதான் பேசத் தகுந்தது.

படிகம் எப்போது முக்கியம்? ஏற்கெனவே கல் இருக்கும் பூனையில் அது எந்த வகைக் கல் என்று ஊகிக்க உதவும். அடைப்பு வந்த ஆண் பூனையில் கசடு உருண்டையின் ஒரு பங்காக இருக்கும். கல்லும் இல்லை, அடைப்பும் இல்லை என்றால் ஸ்ட்ரூவைட் படிகத்துக்காக மட்டும் வைத்தியம் செய்ய வேண்டியதில்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், கிரிஸ்டல் என்று கேட்டதும் மூத்திரத்தை அமிலமாக்கும் உணவைத் தொடங்குவார்கள். இடியோபதிக் சிஸ்டைட்டிஸ் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். அடங்கியதும் பெருமை உணவுக்குப் போய்விடும். வீட்டில் பூனையை வாட்டியது எதுவோ அது அப்படியே இருக்கும். சில மாதம் கழித்து மறுபடி ரத்தம் வரும், மறுபடி கிரிஸ்டல் பேச்சு தொடங்கும்.

சரி, கல்லா இதுவான்னு எப்படித்தான் பிரிக்கிறது?

வெளி அறிகுறியை வைத்து முடியாது. அடிக்கடி உட்காருவது, முக்குவது, ரத்தம், கத்துவது, தரையிலோ சோபாவிலோ போவது, அடிப்பக்கத்தை நக்கிக்கொண்டே இருப்பது எல்லாம் இரண்டிலும் ஒன்றே. இடியோபதிக் சிஸ்டைட்டிஸைக் காட்டிக்கொடுக்கும் தனிச் சோதனையும் கிடையாது. மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுத்தான் அந்த முடிவுக்கு வர முடியும். ஆனால் வாய்ப்புக் கணக்கு நம் பக்கம். பத்து வயதுக்குக் கீழ் இந்த அறிகுறிகளோடு வரும் பூனைகளில் பாதிக்கும் மேல் இதுதான். கல் அதைவிட நன்றாகக் குறைவு, நுண்கிருமித் தொற்று மிகவும் குறைவு.

ஒரு பூனையை வைத்துச் சொல்கிறேன். பல வீடுகளில் பார்த்ததைச் சேர்த்து ஒரே பூனையாக ஆக்கியிருக்கிறேன். பெயர் சோமு. நான்கு வயது, கருத்தடை செய்த ஆண், 6.2 கிலோ, வீட்டை விட்டு வெளியே போகாது, உலர் உணவு மட்டும்தான். மூன்று நாளாக அடிக்கடி உட்காருகிறது, குளியலறைத் தரையில் இளஞ்சிவப்பாகச் சொட்டு விட்டிருக்கிறது. வயிற்றைத் தொட்டால் பை சின்னதாக இருக்கிறது, அடைப்பு இல்லை.

மூத்திரத்தை அடிவயிற்றில் ஊசி போட்டு நேரடியாகப் பையிலிருந்து எடுத்தோம். லிட்டரிலிருந்து எடுத்தால் வெளிக் கிருமிகள் கலந்துவிடும். ஒப்படர்த்தி 1.052, அதாவது நல்ல கெட்டி. சிவப்பணுக்கள் ஏராளம், வெள்ளணுக்கள் சொற்பம், கிருமி தென்படவில்லை, ஸ்ட்ரூவைட் அங்கொன்றும் இங்கொன்றுமாக. இளம் வயதும் இவ்வளவு கெட்டியான மூத்திரமும் சேர்ந்தால் தொற்றுக்கு வாய்ப்பு குறைவு. அப்படியும் சந்தேகம் இருந்தால், கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கு மாதிரியை அனுப்பிவிட்டால் தீர்ந்தது.

அடுத்தது எக்ஸ்ரே. பூனைகளுக்கு அதிகம் வரும் கற்கள் ஸ்ட்ரூவைட்டும் கால்சியம் ஆக்சலேட்டும், இரண்டுமே எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் தவறிப்போகலாம். யூரேட் கல் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம், அதற்கு ஸ்கேன் வேண்டும். இன்னொரு ஓட்டை உண்டு: படத்தை வயிற்றோடு வெட்டிவிட்டால் குழாயில் சிக்கிய கல் படத்துக்கு வெளியே போய்விடும். பக்கவாட்டுப் படம் பின்பக்கம் வால் அடி வரை முழுதாக இருக்க வேண்டும். ரிப்போர்ட் கையில் இருந்தால் நீங்களே பாருங்கள், இடுப்பெலும்புக்குப் பின்னால் உள்ள பகுதி படத்தில் இருக்கிறதா என்று. ஸ்கேனில் கல் என்றால் பின்னால் நிழல் விழும். பையில் மிதக்கும் கசடு பூனையை அசைத்தால் கலங்கி எழும்பும், நிழல் அப்படி விழாது.

சோமுவுக்கு எக்ஸ்ரே சுத்தம். ஸ்கேனில் பையின் சுவர் கொஞ்சம் தடித்திருந்தது, கல் இல்லை. இதுதான் இடியோபதிக் சிஸ்டைட்டிஸ் என்று சொல்லும் அளவுக்கு நம் கையில் இருந்த சாட்சியம்.

முதல் தடவை வந்து, லேசாக இருந்து, அடைப்பு இல்லை என்றால் சிலர் படம் எடுக்காமல் சில நாள் பார்ப்பார்கள். அது தப்பில்லை. ஆனால் ஒரு வாரம் தாண்டியும் அடங்கவில்லை, அல்லது இரண்டாவது தடவை வந்துவிட்டது என்றால் படம் எடுக்காமல் பெயர் வைக்கக் கூடாது.

ரத்தம் போகுது, ஆனா ஆன்டிபயாடிக் எழுதலையே. மறந்துட்டாங்களா?

மறக்கவில்லை. இங்கே ரத்தம் வருவது பைச் சுவரின் அழற்சியால், கிருமியால் அல்ல. கொடுத்தாலும் ஐந்தாறு நாளில் சரியாகும், கொடுக்காவிட்டாலும் ஐந்தாறு நாளில் சரியாகும். அதனால்தான் மருந்து வேலை செய்த மாதிரி தோன்றுகிறது. பத்து வயது தாண்டிய பூனை, சர்க்கரை நோய் அல்லது சிறுநீரக நோய் உள்ள பூனை, மூத்திரம் நீர்த்திருக்கும் பூனை, சமீபத்தில் மூத்திரம் எடுக்கக் குழாய் போட்ட பூனை இவற்றில் கதை வேறு. அங்கே தொற்று உண்மையிலேயே வரும், கல்ச்சர் செய்துவிட்டு மருந்து தர வேண்டும்.

மன அழுத்தத்துக்கும் மூத்திரப்பைக்கும் என்ன சம்பந்தம்? சும்மா சொல்றாங்களோன்னு தோணுது.

சும்மா இல்லை. அமெரிக்காவின் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் குழுவினர் இதைப் பல வருடம் ஆராய்ந்தார்கள். இந்தப் பூனைகளில் மூளைத்தண்டில் உள்ள ஒரு சிறு பகுதி மிகையாக வேலை செய்கிறது, பதற்றத்தில் உடம்பு விடும் நார்அட்ரினலின் ஓட்டம் அதிகமாக இருக்கிறது. பயமோ பதற்றமோ வந்தால் எல்லா உடம்பிலும் இது நடக்கும். வழக்கமாக அதே நேரத்தில் கார்டிசோலும் சுரந்து பதற்றத்தை அடக்கிவிடும். இந்தப் பூனைகளில் அந்த அடக்கும் பக்கம் பலவீனம். அட்ரினல் சுரப்பியே சில பூனைகளில் சின்னதாக இருக்கிறது.

பையில் என்ன ஆகிறது? மூத்திரம் சுவரில் நேராகப் படாமல் தடுக்க உள்பக்கம் ஒரு மெல்லிய பூச்சு உண்டு. இந்தப் பூனைகளில் அது குறைந்து, சுவரே கசியத் தொடங்குகிறது. கெட்டியான மூத்திரத்தின் உப்புகள் அடியிலுள்ள வலி நரம்புகளைத் தொடுகின்றன. நரம்புகள் அங்கேயே அழற்சியைக் கிளப்பும் பொருள்களை விடுகின்றன. வெளியிலிருந்து மூளை வழியாக வரும் பதற்றமும் உள்ளேயிருந்து பை வழியாக வரும் எரிச்சலும் ஒன்றையொன்று தூண்டிவிடும்.

அதே குழுவின் இன்னொரு கவனிப்பு எனக்குப் பிடிக்கும். கூண்டில் வளர்த்த பூனைகளின் தினசரி நடைமுறையை மாற்றினால், பராமரிக்கும் ஆள் மாறினால், வேளை தவறினால், வாந்தியும் சாப்பாட்டில் வெறுப்பும் லிட்டருக்கு வெளியே போவதும் கூடின. இந்த நோய் இருந்த பூனைகளில் மட்டுமல்ல, ஆரோக்கியமான பூனைகளிலும். அதனால் வரலாறு கேட்கும்போது மூத்திரத்தோடு நிறுத்த மாட்டேன். அடிக்கடி வாந்தி, வயிற்று முடியை நக்கி வழுக்கையாக்குவது, கூப்பிட்டால் வராமல் ஒளிவது எல்லாம் ஒரே கணக்கில் சேரும்.

வலிக்கு வீட்ல இருக்கிற பாராசிட்டமால் கொஞ்சம் கொடுக்கலாமா?

கூடவே கூடாது. பூனையின் ஈரலால் அதை உடைக்க முடியாது. கால் மாத்திரைகூட ரத்தத்தின் ஆக்சிஜன் தூக்கும் சக்தியைக் கெடுத்து உயிரை எடுக்கலாம். மனிதருக்கான வேறு வலி மாத்திரைகளும் அப்படித்தான்.

ஆனால் வலி மருந்தே வேண்டாம் என்றும் நினைக்காதீர்கள். வலி பதற்றத்தை ஏற்றும், பதற்றம் வலியை ஏற்றும். பெரும்பாலும் புப்ரினார்ஃபின் கொடுப்போம். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் சில சொட்டு விட்டால் வாய்ச் சவ்விலேயே உறிஞ்சப்படும், விழுங்க வேண்டியதில்லை. சில நாள் கொடுத்தால் போதும். தேவைப்பட்டால் கபாபென்டின் சேர்ப்போம், மருத்துவமனைக்குக் கிளம்பும் முன் கொடுத்தால் பயணமும் லேசாகும். அழற்சியைக் குறைக்கும் மருந்துகளைப் பூனை சாப்பிடாமல், நீர் வற்றியிருக்கும்போது தருவது சிறுநீரகத்துக்கு ஆபத்து, அதனால் முதலில் அதில் கை வைக்க மாட்டேன்.

எங்க வீட்டுப் பூனைக்கு என்ன கவலை? சாப்பாடு, தூக்கம், அவ்வளவுதானே.

சோமு வீட்டிலும் இதையேதான் சொன்னார்கள். மூன்று மாதம் முன்பு மின்னி என்று ஒரு வயதுப் பெண் பூனை வந்திருந்தது. "ரெண்டும் நல்லா இருக்கு டாக்டர், ஒரு நாள்கூடச் சண்டை போட்டதில்லை" என்றார்கள். பூனைகள் சண்டை போடாமலேயே ஒன்றை ஒன்று ஒடுக்கும். ராத்திரி ஒரு போனை வராந்தாவில் வைத்துப் படம் எடுக்கச் சொன்னேன்.

படத்தில் மின்னி குளியலறைக்குப் போகும் வழியில் கால்மிதியில் படுத்திருந்தது. சோமு வந்தது, ஐந்தடி தூரத்தில் நின்றது. மின்னி எழுந்திருக்கவில்லை, தலையை மட்டும் திருப்பி இமைக்காமல் பார்த்தது. சோமு உட்கார்ந்து முதுகை நக்குகிற பாவனை செய்தது, அப்புறம் திரும்பிப் போய்விட்டது. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அதே. குளியலறையில் இரண்டு லிட்டர் பாக்ஸ் இருந்தன, ஆனால் பக்கத்துப் பக்கத்தில், இரண்டும் மூடி போட்டவை. இரண்டு பெட்டி ஒரே இடத்தில் இருந்தால் பூனைக்கு அது ஒரே கழிப்பறைதான். மூடிக்குள்ளே போனால் யார் வருகிறார்கள் என்றும் தெரியாது, தப்பிக்க வழியும் கிடையாது. சாப்பாட்டுக் கிண்ணங்களும் ஒட்டி ஒட்டி இருந்தன. சோமு மூத்திரத்தை அடக்கிக்கொண்டே நாளைக் கழித்திருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. பூனைக்கு மாற்றமே பதற்றம். எடுப்பதைவிடச் சேர்ப்பது நல்லது. முதல் வாரத்தில் ஒரே வேலை: படுக்கையறையில் மூடியில்லாத ஒரு பெரிய பெட்டி, சோமுவின் கிண்ணம் அதே அறையின் எதிர் மூலையில். கதவைச் சாத்தி, ராத்திரி அந்த அறை சோமுவுக்கு மட்டும். பழைய பெட்டிகள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இரண்டாம் வாரம், வராந்தாவில் ஆள் உயரத்தில் ஒரு பலகையும் கூடத்தில் ஏறி உட்கார இன்னொரு இடமும், ஒன்றையொன்று கடக்காமல் போக வழி கிடைக்கும்படி. தினமும் இரண்டு தடவை, பத்துப் பத்து நிமிடம், குச்சி நூல் பொம்மையை வைத்து ஒவ்வொரு பூனையோடும் தனித்தனியாக விளையாட்டு. கடைசியில் பிடிக்க விட்டு, ஒரு வாய் சாப்பாடு.

எடையையும் குறைக்க வேண்டியிருந்தது, ஆனால் நோய் அடங்கின பிறகுதான். வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதம் என்ற வேகம் போதும். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால் ஈரலில் கொழுப்பு ஏறி வேறு நோய் வந்துவிடும்.

லிட்டர் பாக்ஸ் எத்தனை, எப்படி இருக்கணும்?

பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக, வெவ்வேறு இடங்களில். நீளம் பூனையின் மூக்கிலிருந்து வால் அடி வரை அளந்து அதில் ஒன்றரை மடங்கு. கடையில் விற்பவை பலவும் இதைவிடச் சின்னவை, பெரிய பிளாஸ்டிக் சாமான் பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டினால் சரியாக வரும். மணம் போடாத, மெல்லிய, கட்டியாகும் லிட்டர்தான் பெரும்பாலான பூனைகளுக்குப் பிடிக்கும். தினமும் அள்ள வேண்டும். சலவை இயந்திரம் பக்கத்தில் வேண்டாம். ஒரு தடவை உள்ளே இருக்கும்போது அது சுழன்று அதிர்ந்தால் போதும், பூனை அந்த இடத்தையே விட்டுவிடும். லிட்டர் வகையை மாற்றுவதென்றால் புதியதை வேறு பெட்டியில் போட்டு, பூனையே தேர்ந்தெடுக்கட்டும் என்று விடுங்கள்.

தண்ணி அதிகமா குடிக்க வைக்க என்ன பண்றது?

குடிக்க வைப்பதைவிடச் சாப்பாட்டில் ஏற்றுவது எளிது. உலர் உணவில் நீர் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல். 1999இல் வந்த ஒரு ஆய்வில், ஒரே வகை உணவை ஒரு கூட்டத்துக்கு உலர்ந்ததாகவும் இன்னொரு கூட்டத்துக்கு ஈரமானதாகவும் கொடுத்து ஒரு வருடம் பார்த்தார்கள். உலர் உணவு தின்றவற்றில் 39 சதவீதத்துக்கு நோய் திரும்பியது, ஈர உணவு தின்றவற்றில் 11 சதவீதத்துக்குத்தான். மூத்திரம் நீர்த்தால் சுவரைத் தொடும் உப்பு குறைகிறது, அதுதான் கணக்கு. ஒப்படர்த்தி 1.035க்குக் கீழே வந்தால் நல்ல முன்னேற்றம். சோமுவுக்கு ஆறு வாரத்தில் 1.052 இலிருந்து 1.034க்கு வந்தது.

ஆனால் வலியோடு இருக்கிற நாளில் புது உணவைத் தொடங்காதீர்கள். பூனை அந்த வாசனையையும் வலியையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும், அப்புறம் அந்த உணவின் பக்கமே போகாது. அடங்கிய பின், பழைய உணவுக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி ஈர உணவு வைத்து, இரண்டு மூன்று வாரத்தில் மாற்றுங்கள். உலர் உணவைத் தவிர எதையும் தொடாத பூனையும் இருக்கும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், அந்தப் போராட்டமே பதற்றம். உலர் உணவில் வெந்நீர் ஊற்றி ஆறவைத்துப் பாருங்கள், அகலமான கிண்ணங்களில் சாப்பாட்டிலிருந்து தள்ளி இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர் வையுங்கள்.

ஃபெரமோன், குளுக்கோசமின், அப்புறம் மன அழுத்த மாத்திரை, இதெல்லாம் வேலை செய்யுமா?

குளுக்கோசமினை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு கூட்டமுமே தேறின. பூனையைச் சாந்தப்படுத்தும் வாசனைப் பொருளை அறையில் பரப்பும் ஃபெரமோன் கருவியால் கெடுதல் இல்லை, சில வீடுகளில் பூனை கொஞ்சம் தளர்ந்து படுக்கும், ஆனால் வழியை அடைத்துப் படுத்திருக்கும் மின்னியை அது எழுப்பாது. அடைப்பு நீக்கியபின் குழாயைத் தளர்த்த என்று பிராசோசின் கொடுக்கும் வழக்கம் இருந்தது. மறுபடி அடைபடுவதை அது குறைக்கவில்லை என்று ஆய்வுகள் காட்டியபின் நான் எழுதுவதில்லை.

மன அழுத்த மாத்திரையான அமிட்ரிப்டிலின் வேறு ரகம். வலி வந்த அன்று தொடங்கி ஒரு வாரம் கொடுத்தால் பயன் இல்லை என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். வீட்டையும் உணவையும் சீர் செய்து பல மாதம் ஆகியும் திரும்பத் திரும்ப வரும் பூனைக்கு மட்டும், ராத்திரி ஒரு வேளையாக, நீண்ட நாளுக்கு. பலன் தெரியச் சில வாரம் ஆகும். தூக்கமும் எடையும் கூடும், ஈரல் ரத்தச் சோதனை வேண்டும், நிறுத்தும்போது படிப்படியாக. தினமும் மாத்திரை கொடுக்கப் பூனையைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருந்தால் அந்த மாத்திரையால் பயன் குறைவு.

ஒருவேளை கல்லே இருந்துச்சுன்னா?

ஸ்ட்ரூவைட் என்றால் அதற்கான உணவில் பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து வாரத்தில் கரையும், எக்ஸ்ரேயில் சுருங்குவது தெரியும். அந்த உணவைத் தவிர வேறொன்றும் கொடுக்கக் கூடாது. சில வாரத்தில் கொஞ்சமும் சுருங்கவில்லை என்றால் அது ஆக்சலேட்டாக இருக்கலாம். ஆக்சலேட் கரையாது, வெளியே எடுக்கத்தான் வேண்டும். கல்லை எடுத்தபின் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கண்ணால் பார்த்து வகை சொல்வது நிச்சயமில்லை. கல்லும் மன அழுத்தப் பூனையும் ஒரே உடம்பில் இருப்பதும் உண்டு: கல் போனபின்பும் அறிகுறி தொடர்ந்தால் அதைத்தான் யோசிக்க வேண்டும்.

மறுபடி வந்தா ஒவ்வொரு தடவையும் எக்ஸ்ரே, ஸ்கேன்னு போகணுமா?

திரும்ப வருவது சகஜம், ஓரிரு வருடத்துக்குள் பாதிப் பூனைகளுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். சோமுவுக்கு ஏழு மாதம் கழித்து, வீட்டுக்குப் பெயிண்ட் அடித்த வாரம், இரண்டு நாள் வந்தது. ரத்தம் இல்லை, நாலைந்து சின்னக் கட்டிகள், வலி மருந்தோடு அடங்கியது. படம் எடுக்கவில்லை. காரணம் கண்ணெதிரே இருந்தது, முந்தினதைவிட லேசு, சீக்கிரம் அடங்கியது.

ஒரு நோட்டில் தேதி, அன்று வீட்டில் நடந்த மாற்றம், கட்டிகளின் எண்ணிக்கை, ரத்தம் உண்டா இல்லையா, எத்தனை நாளில் அடங்கியது என்று எழுதி வையுங்கள். பழைய மாதிரியே வந்து பழைய மாதிரியே போனால் வருடத்துக்கு ஒரு தடவை மூத்திரமும் ஒரு ஸ்கேனும் போதும். மாதிரி மாறினால், அதாவது காரணமே இல்லாமல் வந்தால், ஏழு நாளைத் தாண்டினால், இடைவெளி குறைந்துகொண்டே வந்தால், அல்லது பூனை பத்து வயதைத் தாண்டியிருந்தால் முதலிலிருந்து தொடங்குங்கள்: ஊசியில் எடுத்த மாதிரி, கல்ச்சர், வால் அடி வரை எக்ஸ்ரே. மூன்று வருடம் முன்பு கல் இல்லை என்ற ரிப்போர்ட் இன்றைக்குச் செல்லாது. ஆண் பூனை முக்குகிறது, ஈரமே இல்லை என்றால் நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்க வேண்டாம், கூடையை எடுங்கள்.